ஆறாம் தேதியே போய்ச் சேர்ந்த மனு

சித்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் வக்கீல் முனிகிருஷ்ணனின் ஆபீஸ். அங்கே காவ்யா குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கார்வேட்டிநகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்ந்தவள். அதனால் எல்லை ஊர்களிலிருந்து வரும் தமிழ்க் கட்சிக்காரர்கள் வக்கீலிடம் போவதற்கு முன்னால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, தெலுங்கில் மனு எழுதி, டைப் அடித்து, தபாலில் போட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்வது வரைக்கும் அவள் வேலை.

பிரேமலதா அப்படி வந்தவள்தான். ஜனவரி கடைசியில், ஐந்தாறு மாத வயிற்றோடு மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு கேஸ்லயும் ஜாமீன் குட்த்தாங்க இல்லம்மா? அப்பறம் இன்னாத்துக்கு மறுபடியும் புட்ச்சிக்கினு போனாங்க?"

அவள் புருஷன் கோபிகிருஷ்ணன் டெம்போ ஓட்டுகிறவன். சொந்த வண்டி இல்லை. யார் கூப்பிட்டாலும் போய் ஓட்டுவான். மலையடிவாரத்தில் செம்மரக் கட்டை ஏற்றிய வண்டி ஒன்று மாட்டியபோது ஸ்டியரிங்கில் இருந்தவன் அவன். அடுத்த வருஷம் இன்னொரு வழக்கிலும் அவன் பெயர் சேர்ந்தது. இரண்டிலும் ஜாமீனில் வெளியே வந்து, கையெழுத்துப் போட்டுக்கொண்டு, மாங்காய் லோடு அடித்துக்கொண்டிருந்தான். பொங்கல் முடிந்த வாரம் போலீஸார் வந்து அழைத்துப் போனார்கள். இந்தத் தடவை வழக்கு எதுவும் இல்லை. வெளியே விட்டால் மறுபடியும் அதே காரியம் செய்வான் என்று சொல்லி, விசாரணையில்லாமல் ஒரு வருஷம் வரைக்கும் உள்ளே வைக்கும் தடுப்புக்காவல் உத்தரவு. எல்லோரும் பி.டி. ஆக்ட் என்பார்கள். கடப்பா ஜெயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"இதுக்கு ஜாமீன் கெடையாது" என்றார் முனிகிருஷ்ணன். "கவர்மென்டுக்கு ஒரு மனு போடலாம். இந்த ஆளை வெச்சிருக்கறது தப்பு, விட்டுருங்கன்னு. அத அவங்க உடனே எடுத்துப் பாக்கணும். கெடப்புல போடக்கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்லுது."

காவ்யா இரண்டு நாள் உட்கார்ந்து அந்த மனுவை எழுதினாள். பிரேமலதா சொன்னதையெல்லாம் கேட்டாள். சொன்னதில் பாதி மனுவில் எழுதக்கூடியது இல்லை. 'எங்க நைனா செத்தப்போ கூட அவரு லோடு வுட்டுட்டு வந்தாரும்மா' என்பதை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆனாலும் கேட்டாள். பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, பிரேமலதாவிடம் கையெழுத்து வாங்கி, தலைமைச் செயலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் போட்டாள். ரசீதை ஃபைலில் குத்தினாள்.

வெள்ளிக்கிழமை பிரேமலதா திரும்ப வந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் காவ்யா ஆபீஸ் டேப்லெட்டை எடுத்தாள். கொரோனா சமயத்தில் ஆன்லைன் விசாரணைக்காக முனிகிருஷ்ணன் வாங்கிப் போட்ட பழைய டேப்லெட். தபால் துறையின் பக்கத்தைத் திறந்து, ரசீதில் இருந்த பதின்மூன்று எழுத்து எண்ணைத் தட்டி, அவர்கள் கேட்கும் சின்னக் கூட்டல் கணக்குக்கு விடை போட்டாள். வரிசையாக வந்தது: சித்தூரில் பதிவானது, பையில் கட்டியது, போன ஊர்கள், கடைசியில் ஆறாம் தேதி மத்தியானம் பட்டுவாடா ஆனது.

"பாருக்கா, போய்ச் சேர்ந்துட்ச்சி. நேத்தே."

பிரேமலதா அந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் குனிந்து பார்த்தாள். படிக்கத் தெரியாது. ஆனாலும் வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். கும்பிடப் போவது போல இருந்ததால் காவ்யாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

அப்புறம் காத்திருப்பு. மார்ச்சில், இந்த மாதிரிக் காவல் உத்தரவுகளைச் சரிபார்க்கும் ஆலோசனைக் குழு உட்கார்ந்தது. உத்தரவு சரிதான் என்று சொல்லிவிட்டது. ஏப்ரல் கடைசியில், மனுவை நிராகரித்து விட்டதாக இரண்டு வரிக் காகிதம் வந்தது. மே மாதம் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள். முனிகிருஷ்ணனுக்குத் தெரிந்த விஜயவாடா வக்கீல் ஒருவர் அங்கே வாதாட ஒத்துக்கொண்டார். மே மாதமே பிரேமலதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கடப்பாவுக்குச் செய்தி சொல்லச் சொந்தக்காரப் பையன் போய் வந்தான்.

ஜூலையில் அரசுத் தரப்பின் பதில் வந்தது. விஜயவாடா வக்கீல் போனில் பேசும்போதே முனிகிருஷ்ணனின் முகம் மாறிற்று. போனை வைத்துவிட்டுக் காவ்யாவைக் கூப்பிட்டார்.

"மனு எப்போ போச்சு?"

"மூணாந் தேதி போட்டது சார். ஆறாந் தேதி சேர்ந்துச்சி."

"ஏப்ரல் பதினொண்ணாந் தேதிதான் கைக்கு வந்துதுன்னு அஃபிடவிட் போட்டிருக்காங்க. வந்த பத்து நாளைக்குள்ள பரிசீலிச்சு நிராகரிச்சுட்டோம், தாமதமே இல்லன்னு."

காவ்யாவுக்கு முதலில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியவில்லை. அவர் விளக்கினார். உள்ளே இருப்பவனின் மனுவைக் காரணமில்லாமல் தூங்கப் போட்டால் அந்த ஒன்றுக்காகவே கோர்ட் காவல் உத்தரவைத் தூக்கி எறியும். பிப்ரவரி ஆறில் சேர்ந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் அது கிடப்பில் கிடந்திருக்கிறது. ஆலோசனைக் குழுவும் அதைப் பார்க்காமலே முடிவு சொல்லியிருக்கிறது. கோபிகிருஷ்ணன் வெளியே வரலாம். ஏப்ரல் பதினொன்று என்றால் ஒன்றும் இல்லை. வாதாடுவதற்கு மிச்சம் எதுவுமே இல்லை.

"ரசீது இருக்கு சார்."

"ரசீது போட்டதுக்குத்தான். சேர்ந்ததுக்கு எது?"

திரும்பி வரவேண்டிய ஒப்புதல் அட்டை வரவே இல்லை. பாதி அட்டைகள் வருவதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. காவ்யா அவசர அவசரமாகத் தபால் துறைப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் போட்டாள். அப்படி ஒரு எண்ணுக்குத் தகவல் இல்லை என்று வந்தது. எண்ணைத் தப்பாகத் தட்டிவிட்டோமோ என்று மூன்று தடவை போட்டாள். சில மாதம் போனால் பழைய தகவல் பொதுப் பக்கத்திலிருந்து போய்விடும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் ஏன் அன்றைக்கே அச்சு எடுத்து ஃபைலில் வைக்கவில்லை? யாராவது இப்படித் தேதியை மாற்றிச் சொல்வார்கள் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய தபால் நிலையத்துக்கு எழுதிப் போட்டாள். இந்த மாதிரி பழைய விவரம் வேண்டுமென்றால் கோர்ட் கேட்கவேண்டும் என்று பதில் வந்தது. கோர்ட் கேட்க வேண்டுமென்றால் கோர்ட்டிடம் காட்ட ஏதாவது இருக்கவேண்டும்.

அந்த வாரம் பிரேமலதா குழந்தையோடு வந்தாள். காவ்யாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எப்படியோ சொன்னாள். பிரேமலதா அழவில்லை, கோபப்படவும் இல்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்.

"நீதானம்மா அன்னிக்கி அந்தப் பலகைல காட்டுன? போட்டோ கூட புட்ச்சியே."

"போட்டோவா?"

"ஆமா. டக்குனு ஒரு சத்தம் வந்துச்சே. எங்க ஊட்டுக்காரர்கிட்ட காட்டணும்னு நான் கேட்டதுக்கு, ஜெயில்ல காட்ட முடியாதுக்கா, இருந்தாலும் புட்ச்சி வெக்கிறேன்னியே."

 டேப்லெட்டின் இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்கியது காவ்யாவுக்கு ஞாபகம் வந்தது. ஸ்க்ரீன்ஷாட். அவளைச் சமாதானப்படுத்த எடுத்தது. எடுத்த நிமிஷமே மறந்தும் போனது.

ஆனால் டேப்லெட் ஆபீஸில் இல்லை. மார்ச்சில் முனிகிருஷ்ணன் புது லேப்டாப் வாங்கினார். பழசை நீயே வைத்துக்கொள் என்று காவ்யாவுக்குக் கொடுத்துவிட்டார். அவள் அதைத் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி ஐ.டி.ஐ. படிக்கும் தம்பி சுனிலுக்குப் பாடம் பார்க்கக் கொடுத்தாள். இடம் நிறைந்து போன டேப்லெட் அது. படங்கள் வேறெங்கும் தானாகப் போய்ச் சேருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். இருந்தால் அதில் மட்டும்தான் இருக்கும்.

சுனிலுக்கு உடனே போன் போட்டாள்.

"அது கீழ வுழுந்து ஒடஞ்சிப் போச்சுக்கா" என்றான் அவன். "பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு கடைல குட்த்தேன். ரிப்பேர் பண்றதுக்குப் புதுசே வாங்கலாம்னாரு. அங்கியே வுட்டுட்டு வந்துட்டேன்."

"எப்போடா?"

"ஒரு மாசம் இருக்கும். ஏங்கா? இன்னா ஆச்சி?"

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் காவ்யா திருப்பதிக்குப் போனாள். மொட்டை போட்ட குடும்பங்கள் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் படுத்தும் உட்கார்ந்தும் இருந்தன. சுனில் வந்து நின்றான். அவன் கூட்டிப் போன சந்தில் செல்போன் ரிப்பேர்க் கடைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. தேவேந்திரன் என்பவரின் கடை, இரண்டு பேர் நின்றால் நிறைந்துபோகும் அளவு. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஏதோ போர்டில் சூடு வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த டேப்லெட்டா? அதுல இருந்த ஸ்பீக்கரை எடுத்து வேற ஒண்ணுக்குப் போட்டுட்டேனே."

காவ்யா மேஜைக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மிச்சம் இருக்கா அண்ணா?"

அவர் கடைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். உடைந்த கண்ணாடிகள், உப்பிய பேட்டரிகள், முகமில்லாத போன்கள். அடியிலிருந்து அதை எடுத்தார். முன்கண்ணாடி வலைவலையாகச் சிதறியிருந்தது. பின்மூடி பேட்டரி உப்பியதால் வாயைத் திறந்திருந்தது.

"போர்டு இருக்கும்மா. போர்டு இருந்தா உயிர் இருக்கு. உனக்கு டேப்லெட் வேணுமா, உள்ள இருக்கறது வேணுமா?"

"உள்ள இருக்கறது. ஒரே ஒரு படம்."

"அப்போ மொதல்ல ரீசெட் அடிச்சு ஓடுதான்னு பாக்கக்கூடாது, எல்லாம் அழிஞ்சிடும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "நல்ல வேளை. நேத்து ஒருத்தன் கேட்டான், அடிச்சுக் குடுத்துருப்பேன்."

உப்பிய பேட்டரியைப் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி வெளியே எடுத்து, வேறொன்றிலிருந்து கழற்றிய பேட்டரியைச் சேர்த்தார். அதே மாடலின் பழைய திரை ஒன்றைத் தேடி எடுத்து ரிப்பன் வயரைச் செருகினார். கம்பெனியின் பெயர் திரையில் வந்தது.  ஆனால் தொடுதல் வேலை செய்யவில்லை. பூட்டுக் கோலத்தைப் போட விரல் எடுபடவில்லை. அவர் ஒரு சின்ன இணைப்பை மாட்டி, கம்ப்யூட்டர் மவுஸைச் செருகினார். திரையில் அம்புக்குறி வந்தது. சுனில் மவுஸைப் பிடித்து ஒன்பது புள்ளிகளில் தன் கோலத்தைப் போட்டான். தப்பு. மறுபடியும் தப்பு.

"மவுஸ்ல சரியா வர்லக்கா."

"மெதுவா போடு. பயப்படாத."

மூன்றாவது தடவை திறந்தது. சுனில் ஏற்றிவைத்திருந்த பாட்டு, சினிமா, பாட வீடியோ. அதற்கெல்லாம் அடியில் ஸ்க்ரீன்ஷாட் ஃபோல்டர். காவ்யா பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். ஜூன், மே, மார்ச். பிப்ரவரி.

அங்கே இருந்தது. மேலே எண். கீழே வரிசையாக ஊர்களும் நேரங்களும். ஆறாம் தேதி, பட்டுவாடா உறுதி. ஃபைலின் பெயரிலேயே எடுத்த தேதியும் நேரமும் எண்களாக ஒட்டிக்கொண்டிருந்தன: பிப்ரவரி ஏழு, காலை பத்தே முக்கால்.

கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ? ஏதோ கல்யாணப் போட்டோன்னு நெனச்சேன்" என்றார்.

காவ்யா முனிகிருஷ்ணனுக்கு போன் செய்தாள். "வாட்ஸாப்புல உடனே அனுப்பு" என்றார் அவர். அனுப்பப் போனவள் நிறுத்திக்கொண்டாள். வாட்ஸாப்பில் போனால் படம் சுருங்கிவிடும், பெயரும் மாறிவிடும். அது வேறு ஃபைல் ஆகிவிடும் என்று ஆபீஸில் ஒரு செக் மோசடி வழக்கில் படாத பாடு பட்டது ஞாபகம் வந்தது. "வேணாம் சார். டேப்லெட்டையே கொண்டாரேன்" என்றாள்.

திருப்பதியிலேயே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் தடயவியல் சொல்லிக் கொடுக்கும் ஹேமநாத் என்பவரிடம் முனிகிருஷ்ணன் அனுப்பினார். அவர் டேப்லெட்டை வாங்கி மேஜையில் வைத்து முதலில் அதையே நாலு பக்கமும் படம் எடுத்தார். சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டார். என்ன பாகம் மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று எழுதிக்கொண்டார்.

"இந்தப் படத்துல மேல மணி மட்டும்தான் தெரியுது, தேதி தெரியலை, பாத்தியா? எதிர்த் தரப்பு மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஃபைல் பேர்ல இருக்கற தேதி டேப்லெட்டோட கடிகாரம் சொன்னது. கடிகாரத்தை யார் வேணும்னாலும் மாத்தலாம்."

"நான் மாத்தலீங்க சார்."

"நீ மாத்தலைன்னு எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

அன்றைய மற்ற ஃபைல்களைத் தேடினார். அதே காலையில் காவ்யா ஒரு கோர்ட் உத்தரவின் நகலைப் படம் பிடித்திருந்தாள். அதில் அன்றைய தேதி போட்ட கோர்ட் முத்திரை இருந்தது. முந்தின நாள், அடுத்த நாள் படங்களும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. அன்றைக்குக் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு ஃபைலை வயர் போட்டு அப்படியே நகலெடுத்து, ஒரு புரோகிராமில் கொடுத்தார். எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரி வந்தது.

"இது ஹாஷ். கைரேகை மாதிரி. படத்துல ஒரு புள்ளியை மாத்தினாலும் இந்த வரி முழுசும் மாறிடும். இன்னிக்கு எடுத்தது, நாளைக்குக் கோர்ட்ல எடுத்தா அதே வரணும்."

புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆதாரத்துக்கு இரண்டு பகுதியாக ஒரு சான்றிதழ் கொடுக்கவேண்டும். முதல் பகுதியில் கருவியைக் கையாண்டவர் கையெழுத்துப் போட வேண்டும்: எந்தக் கருவி, அப்போது ஒழுங்காக வேலை செய்ததா, ஹாஷ் என்ன. இரண்டாவது பகுதி நிபுணருக்கு. காவ்யா தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆயிரம் பேருடைய கையெழுத்தை வாங்கியவள்தான். தன் பெயர் கீழே நிற்பது இதுதான் முதல் தடவை. டேப்லெட்டை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தில் கூடுதல் ஆவணமாகத் தாக்கல் ஆனது. விசாரணையை முனிகிருஷ்ணனின் லேப்டாப்பில் பார்க்கலாம். காவ்யா அவருக்குப் பின்னால் நின்றாள். பிரேமலதாவும் வந்திருந்தாள். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள், இங்கிலீஷ். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்: "இப்போ யாரு பேசறாங்க, நம்மாளா?"

"இல்லக்கா. அரசு வக்கீல்."

அரசு வக்கீல், ஹேமநாத் சொன்ன அதே கேள்வியைக் கேட்டார். ஸ்க்ரீன்ஷாட் யாரும் உருவாக்கலாம். படத்தில் தேதி இல்லை. எடுத்தவர் எதிர்த் தரப்பு வக்கீலின் குமாஸ்தா. ஆறு மாதம் யாரும் சொல்லாத ஒன்று, பதில் தாக்கல் ஆன பிறகு திடீரென்று எங்கிருந்து வந்தது? உடைந்து, பாகம் மாற்றி, குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்த கருவி.

காவ்யா திரையை நோக்கிக் குனிந்தாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் இங்கேதான் நிற்கிறேன், என்னைக் கேளுங்கள் என்று கத்தவேண்டும் போல இருந்தது. லேப்டாப்பில் மைக் மூடியிருந்தது. திறந்திருந்தாலும் பேச அவளுக்கு உரிமை இல்லை. விஜயவாடா வக்கீல் ரசீதின் எண்ணும் படத்தின் எண்ணும் ஒன்று என்பதைக் காட்டினார். ஹாஷைச் சொன்னார். அன்றைய கோர்ட் முத்திரைப் படத்தைச் சொன்னார். நீதிபதிகள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு கேள்விதான் கேட்டார்கள்: ஆறாம் தேதி அந்த உறை உங்கள் கட்டடத்துக்குள் வரவில்லை என்று உறுதியாகச் சொல்கிறீர்களா? தபால் துறையின் பழைய பதிவுகளையும் நாங்கள் கேட்டு வாங்கலாம்.

அரசு வக்கீல் விசாரித்துச் சொல்ல அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள் பிரேமலதா.

"கேட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்காரு."

"யாரக் கேட்டு?"

காவ்யா அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்தாள்.

அடுத்த தேதியில் அரசு வக்கீலுக்குத் தகவல் வரவில்லை. அதற்கு அடுத்த தேதியில் அந்த அமர்வு உட்காரவில்லை. தசரா விடுமுறை வந்தது. வாரம் ஒரு தடவை பிரேமலதா போன் செய்வாள். காவ்யா எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் தயங்குவாள். சொல்ல எதுவும் இல்லாதபோது போனை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டாள். உண்மை உறைக்குள் அரக்கு வைத்து உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு மேல் அது நகரவும் இல்லை. ஒரு நாள் அவள் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்டாள், "இன்னாடி, துன்னாம அப்டியே பாத்துக்கினு கீற?"  காவ்யா, கடப்பா ஜெயிலில் சோறு எந்த நேரத்துக்குப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் அரசு வக்கீல் எழுந்து, வாக்கியத்தை மெதுவாகச் சொன்னார். உறை பிப்ரவரி ஆறாம் தேதி கட்டடத்தின் தபால் பிரிவுக்கு வந்திருக்கிறது. சம்பந்தமில்லாத வேறு பிரிவுக்குப் போய்விட்டது. உரிய பிரிவின் கைக்கு ஏப்ரலில்தான் வந்தது. வேண்டுமென்று செய்ததில்லை.

நீதிபதிகள் உத்தரவைச் சொல்லி எழுதவைத்தார்கள். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. மனு இரண்டு மாதத்துக்கு மேல் கவனிக்கப்படாமல் இருந்ததற்கு விளக்கம் இல்லை. காவல் உத்தரவு ரத்து. வேறு வழக்கில் தேவையில்லை என்றால் உடனே விடுதலை.

முனிகிருஷ்ணன் திரும்பிக் காவ்யாவின் கையைக் குலுக்கினார். அவள் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் போய்ச் சொன்னாள். சுனிலுக்குச் சொன்னாள். உத்தரவின் நகல் கடப்பா போய்ச் சேர மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் பிரேமலதா போன் செய்தபடி இருந்தாள். இந்த முறை காவ்யா முதல் மணியிலேயே எடுத்தாள்.

அடுத்த வாரம் கோபிகிருஷ்ணன் ஆபீஸுக்கு வந்தான். மனுவில் எத்தனையோ தடவை எழுதிய பெயர். ஆளை இப்போதுதான் பார்க்கிறாள். நினைத்ததைவிடச் சின்ன உருவம். சட்டை தோளில் தொங்கியது. பிரேமலதா குழந்தையை அவனிடம் நீட்டினாள். ஆறு மாதக் குழந்தை அவன் கைக்குப் போனதும் உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டது. அவன் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"பழகிடும்" என்றாள் பிரேமலதா. "வந்ததுலேந்து இப்டிதான் பண்ணுது."

அவன் காவ்யாவைப் பார்த்துக் கும்பிட்டான். "உன்னாலதாம்மா வந்தேன்னு இவ சொல்றா. ரொம்ப நன்றிம்மா."

"ஒக்காருங்க அண்ணா."

அவன் உட்காரவில்லை. கையில் உத்தரவின் நகல் இருந்தது. பல தடவை மடித்துப் பிரித்த மடிப்பு. "இத ஊர்ல ஒரு வாத்தியார்கிட்ட குட்த்துப் படிக்கச் சொன்னேன். எல்லாம் தேதியாவே கீது. மனு எப்போ போச்சு, எப்போ பாத்தாங்க, எப்போ பாக்கல. நான் வண்டில இன்னா இருந்துதுனு தெரியாம போனேன்னு எய்தி குட்த்தோம் இல்ல? அதப் பத்தி ஒண்ணுமே இல்லியேம்மா?"

காவ்யா முனிகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த விஷயத்துக்குள்ள கோர்ட் போகலைப்பா. போக வேண்டிய தேவை வரலை. அந்த ரெண்டு வழக்கும் தனியா நடக்கும்."

"அப்போ நான் தப்பு பண்ணேனா இல்லியானு யாரும் சொல்லல."

"இல்ல."

"நேத்து ஸ்டேஷன்ல கூப்டாங்க. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து கையெய்த்துப் போடணுமாம். எனக்கு வண்டி குட்த்துக்கினு இருந்தவரு வேற ஆள் போட்டுட்டாரு. இனிமே இன்னொரு ஆர்டர் போட மாட்டாங்கனு சொல்ல முடியுமா சார்?"

முனிகிருஷ்ணன் பதில் சொல்ல ஆரம்பித்து, சட்டத்தில் புதுக் காரணம் இல்லாமல் போட முடியாது என்று ஏதோ சொன்னார். முடிவில் அவருக்கே அது போதவில்லை போல இருந்தது. காவ்யா நகலை அவன் கையிலிருந்து வாங்கினாள். அவளே தெலுங்கில் எழுதிய மனுவின் வரிகள் அதில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினாள். அவன் அப்பா இல்லாமல் வளர்ந்தவன், மனைவி கர்ப்பிணி, கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. ஒரு வரி கூட இல்லை. அந்த மனு எந்தத் தேதியில் எந்த மேஜையில் கிடந்தது என்பது மட்டும்தான் இருந்தது.

"இந்தாங்க அண்ணா" என்று திருப்பிக் கொடுத்தாள். 

அவன் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிரேமலதா குழந்தையோடு முன்னால் இறங்க, அவன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். கீழே சந்தில், புத்தூர் பஸ் எத்தனை மணிக்கு என்று ஜெராக்ஸ் கடையில் அவன் கேட்பது மாடி வரைக்கும் கேட்டது.